மளிகைக் கடையில மாசக் கணக்கு: எல்லாரும் கேட்கிற கேள்விகளும் நோட்டு எழுதினவன் பதிலும்

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், மதுரையில எங்க தாய்மாமா கடையில மூணு வருஷம் பற்று நோட்டு எழுதினவன் நான். காலேஜ் முடிச்சு வேலை கிடைக்கற வரைக்கும்னு உட்கார்ந்தேன், அது மூணு வருஷமாச்சு. இப்ப கல்லாவுக்கு அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம், நானும் ஒரு அண்ணாச்சி கடையில மாசக் கணக்கு வச்சு கொஞ்ச நாள் வாங்கினேன். ரெண்டு பக்கமும் பார்த்ததுனால சொந்தக்காரங்க, தெருக்காரங்க எல்லாம் இதைப் பத்தி என்கிட்டதான் கேட்பாங்க. அடிக்கடி வர்ற கேள்விகளை மட்டும் எழுதறேன்.

எங்க அண்ணாச்சி ஒத்த ரூபா வட்டி வாங்கறதில்ல, மாசக் கடைசியில கூட்டி சொல்றதைக் குடுக்கறோம், இதுல என்னங்க நஷ்டம்?

வட்டின்னு தனியா எழுத மாட்டாரு, அது சரிதான். ஆனா அவரு போடற காசுக்கு ஒரு விலை இருக்கில்ல, அது எங்கயோ ஒரு இடத்துல வந்தாகணும், வர்ற இடம் சில்லறைச் சரக்கு. பருப்பு, உளுந்து, அரிசி, சீனி, புளி, மிளகாய் வத்தல், மல்லி, பொரிகடலை, அளந்து ஊத்தற எண்ணெய், இதுக்கெல்லாம் அட்டையில விலை அச்சடிச்சு வர்றதில்ல. அவரு சொல்றதுதான் விலை. கையில காசோட நிக்கிறவரு "என்ன அண்ணாச்சி, பருப்பு என்ன விலை"ன்னு கேட்டுட்டுத்தான் வாங்குவாரு, கூடன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாரு. நோட்டு குடுத்து வாங்கறவங்க விலையே கேட்கறதில்ல. நான் மூணு வருஷம் கவனிச்ச விஷயம் இதுதான், நோட்டோட வர்றவங்கள்ல பத்துல எட்டுப் பேரு "ஒரு கிலோ துவரம்பருப்பு, அரைக்கிலோ உளுந்து, எழுதிக்கோங்க"ன்னு சொல்லிட்டு தெருவைப் பார்த்துட்டு நிப்பாங்க. விலை அப்புறம் நோட்டுலதான் தெரியும், சில பேருக்கு அதுகூட தெரியாது, மொத்தக் கூட்டு மட்டும்தான்.

எல்லாக் கடையிலயும் ரெண்டு விலை இருக்குன்னு நான் சொல்லல. மாமா கடையில ரொக்கத்துக்கும் பற்றுக்கும் ஒரே விலைதான், ஆனா அந்த ஒரே விலையே ரெண்டு தெரு தள்ளி ரொக்கத்துக்கு மட்டும் விக்கற கடையை விட கிலோவுக்கு மூணு ரூபாயில இருந்து பத்து ரூபா வரைக்கும் கூட இருக்கும். இதுல சின்ன அநியாயம் என்னன்னா எங்க கடையில ரொக்கம் குடுத்து வாங்கினவங்களும் சேர்த்துத்தான் பற்றுக்காரங்க செலவைச் சுமந்தாங்க.

சரி, எங்க வீட்டுக்கு மாசம் எவ்வளவு இப்படிப் போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நோட்டைத் திறந்து வச்சு ஒரு மாசத்தை மட்டும் எடுங்க. சில்லறைச் சரக்கை ஒரு பக்கம், பாக்கெட்டு சாமானை இன்னொரு பக்கம் பிரிங்க. அப்புறம் அதே வாரத்துல ரொக்கக் கடை ஒண்ணுக்குப் போயி அதே தரத்துக்கு விலை கேளுங்க. தரம் முக்கியம், பருப்புல முதல் ரகம் ரெண்டாம் ரகம்னு இருக்கு, முழுசா இருக்கறதையும் நொறுங்கினதையும் ஒப்பிட்டா கணக்கு கோணிடும்.

நான் கணக்கை விட்டப்ப எங்க வீட்டுக்கு இப்படித்தான் போட்டுப் பார்த்தேன். நாலு பேரு, மாசம் சுமாரா 6000 ரூபா. அதுல சில்லறைச் சரக்கு மட்டும் 2800 வந்துச்சு. துவரம்பருப்பு 3 கிலோ, நோட்டுல கிலோ 168, ரொக்கக் கடையில 158, ஆக 30 ரூபா வித்தியாசம். உளுந்து 3 கிலோ, கிலோவுக்கு பத்து ரூபா, அதுல ஒரு 30. இட்லி அரிசி 10 கிலோ, கிலோவுக்கு மூணு ரூபாதான், ஆனா பத்து கிலோன்னா அங்கயும் 30. கடலெண்ணெய் 2 லிட்டர் எடுப்போம், லிட்டருக்கு 15 கூட, அது 30. சீனி 4 கிலோவுக்கு 12, புளி ஒரு கிலோவுக்கு 20, வத்தலும் மல்லியும் சேர்ந்து 30, பாசிப்பருப்பு கடலைப்பருப்பு மாதிரி மிச்ச சில்லறையில 28. கூட்டுங்க, 210 ரூபா. பாக்கெட்டு சாமான் 3200க்கு அண்ணாச்சி அட்டை விலையே போட்டிருந்தாரு, ரொக்கத்துக்கு வாங்கினா சோப்பு, பல்பொடி, டீத்தூள் இதுலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குறைச்சு மொத்தத்துல 90 ரூபா கம்மியா வந்துச்சு. ஆக மாசம் 300.

முன்னூறுதானேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா அந்த முன்னூறு எந்தக் கடனுக்கு வட்டின்னு பார்க்கணும், இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, 6000 கடனுக்கு 300ன்னு நினைச்சுக்கறாங்க. அண்ணாச்சி நமக்கு ஒண்ணாந்தேதி ஆறாயிரத்தைத் தூக்கிக் குடுக்கல. தினம் சராசரியா 200 ரூபாய்க்குக் குடுக்கறாரு, நாம அடுத்த மாசம் அஞ்சாந்தேதி மொத்தமா கட்டறோம். ஒண்ணாந்தேதி வாங்கினது 34 நாள் கடன், முப்பதாந்தேதி வாங்கினது வெறும் அஞ்சு நாள் கடன், சராசரி கிட்டத்தட்ட 20 நாள். தினம் 200, 20 நாள், ஆக எந்த நாள்ல எட்டிப் பார்த்தாலும் சராசரியா 4000 ரூபாதான் அவரு காசு நம்ம வீட்டுல நிக்குது. நாலாயிரத்துக்கு மாசம் முன்னூறுன்னா நூத்துக்கு ஏழரை வட்டி. ஏழரைன்னு வந்ததும் எங்கம்மா சிரிச்சாங்க, சனி பிடிச்ச கணக்குதான்டான்னு.

ஊருல அஞ்சு வட்டிக்குக் குடுக்கறவரைக் கந்துவட்டிக்காரன்னு திட்டுறோம். அண்ணாச்சியை யாரும் திட்டறதில்ல, ஏன்னா அங்க நூறு ரூபா நோட்டு கை மாறல, பருப்புதான் மாறுது.

ரெண்டு விஷயம் இதுல கழிச்சுக்கணும். அந்த 300 முழுசும் கடனுக்கான விலை இல்ல, கடை வாசல்லயே இருக்கு, மழைன்னா பையன் கொண்டு வந்து குடுப்பான், ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரைத் தட்டினாலும் குடுப்பாரு, அதுக்கும் ஒரு கூலி உண்டு. ரொக்கக் கடைக்கு ஆட்டோவுல போயிட்டு வந்தீங்கன்னா முன்னூறுல பாதி ஆட்டோக்காரருக்கு. இன்னொண்ணு, சம்பளம் வந்து பழசைக் கட்டின கையோட மொத்த லிஸ்டையும் அன்னைக்கே எடுக்கற வீடுன்னா முழு 6000மும் முப்பது நாள் கடனா நிக்கும், அப்ப அதே முன்னூறு அஞ்சு வட்டிதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறவங்களுக்குத்தான் வட்டி எகிறுது.

பாக்கெட்டுல போட்ட விலைக்கு மேல எழுதினா கேட்கலாமா?

தாராளமா கேட்கலாம், அட்டை விலைக்கு மேல விக்கறது சட்டப்படி தப்பு, கடன்ல வாங்கினாலும் ரொக்கத்துல வாங்கினாலும் ஒண்ணுதான், கூலிங் பண்ணதுக்குன்னு ரெண்டு ரூபா சேர்க்கறதும் தப்பு. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு, எடையளவு சம்பந்தமா தமிழ்நாட்டுல தொழிலாளர் துறைதான் பார்க்குது. ஆனா உண்மையைச் சொல்லணும்னா மாசக் கணக்கு வச்சிருக்கறவங்க யாரும் போன் பண்ணி நான் பார்த்ததில்ல. நாளைக்கும் அவருகிட்டதானே போய் நிக்கணும்.

நோட்டுல வேணும்னே தப்பா எழுதறாங்களா?

வேணும்னு எழுதறவங்க குறைச்சல்தான். தப்பு தானா வரும், எப்படி வரும்னு எழுதினவன் சொல்றேன் கேளுங்க.

சாயங்காலம் ஆறுல இருந்து எட்டரை வரைக்கும் கடையில கூட்டம், அந்த நேரத்துல பெரிய நோட்டை எடுத்து பக்கம் புரட்ட முடியாது. பழைய பேப்பர் துண்டுலயோ சிகரெட் அட்டையிலயோ "மாடி வீடு 84, போஸ்ட்மேன் வீடு 132, டீச்சர் 60"ன்னு கிறுக்கி ஆணியில குத்தி வைப்போம். ராத்திரி கடை அடைச்சுட்டு அதைப் பார்த்துப் பெரிய நோட்டுல ஏத்துவோம். இதுக்கு நடுவுல நாலு விதமா தப்பு வரும். துண்டுச்சீட்டு ஏத்தினதும் கிழிக்க மறந்துட்டா மறுநாளும் ஏறும். வீடு மாறி ஏறும். நீங்க திருப்பிக் குடுத்த உடைஞ்ச முட்டை, புளிச்ச தயிர் பாக்கெட், இதெல்லாம் கழிக்கணும்னு வாயில சொன்னது நோட்டுக்கு வராது. அப்புறம் 87 ரூபா 90 ஆகும், 83உம் பல நேரம் 85 ஆகும், 80 ஆனதை நான் பார்த்ததில்ல, நானே எழுதியும் பார்த்ததில்ல.

நான் பண்ண கூத்து ஒண்ணு உண்டு. எங்க தெருவுல ரெண்டு டீச்சர் வீடு. நான் எழுதறதோ வெறும் "டீச்சர்". கீழத்தெரு டீச்சர் வீட்டுல வாரம் ஒரு டஜன் முட்டை எடுப்பாங்க, அது கிட்டத்தட்ட நாலு மாசம் மேலத்தெரு டீச்சர் கணக்குல ஏறியிருக்கு. ரெண்டு பேருமே முட்டை சாப்பிடற வீடுதான், அதனால யாருக்கும் சந்தேகம் வரல. புரட்டாசி பிறந்துச்சு, மேலத்தெரு டீச்சரு மாசக் கடைசியில நோட்டைப் பார்த்துட்டு "தம்பி, புரட்டாசியில எங்க வீட்டுல முட்டையா?"ன்னு கேட்டாங்க பாருங்க, எனக்கு வேர்த்துருச்சு. மாமா நாலு மாச முட்டைக் காசையும் கழிச்சுக் குடுத்தாரு, கீழத்தெரு டீச்சர்கிட்ட போய்க் கேட்க முடியல, நஷ்டம் கடைக்குத்தான். புரட்டாசி வராம இருந்திருந்தா அது இன்னும் எத்தனை மாசம் ஓடியிருக்குமோ.

அதனால உங்க கையில ஒரு சின்ன நோட்டு கட்டாயம் இருக்கணும், அதுல வாங்கற அன்னைக்கே, சரக்கு, அளவு, விலைன்னு மூணும் எழுதி வாங்கணும். "அரிசி பருப்பு 640"ன்னு ஒத்த வரியில எழுதினா அது கணக்கே இல்ல. "நோட்டை அப்புறம் குடுத்துவிடுங்க, ஏத்திக்கறேன்"ன்னு சொன்னா வேண்டாம், நோட்டு இல்லாத அன்னைக்கு ரொக்கமா வாங்கிக்கோங்க, இல்லன்னா போன்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இப்ப நிறைய கடையில போன் ஆப்புல கணக்கு ஏத்தறாங்க, ஏத்தினதும் மெசேஜ் வந்துடுது, அதுல தொகை தெரியும், ஆனா பல தடவை என்ன சரக்குன்னு இருக்காது, அதனால நோட்டை விட்டுடாதீங்க.

பிள்ளைங்களை நோட்டோட அனுப்பறதுன்னா வீட்டுக்குத் தனியா ஒரு பேச்சு வேணும். லேஸ், மிட்டாய், பத்து ரூபா ஜூஸ், இதெல்லாம் நோட்டுல வராம "இதர 20"ன்னு வரும். ஒரு வீட்டுல மாசம் நானூறு ரூபா "இதர"வே போயிருக்கு, அப்பா கடைக்கு வந்து சத்தம் போட்டாரு, பையன் அவருக்குப் பின்னாடி நின்னு என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

எடை விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட்டு வாங்கணும், அந்த சான்றிதழ் கடையில இருக்கணும். அதைவிட கவனிக்க வேண்டியது முன்கூட்டியே கட்டி வச்ச கவர். அரைக்கிலோன்னு கட்டினதுல கவர் எடையும் சேர்ந்திருக்கும், மத்தியானம் வேகவேகமா கட்டறப்ப 490, 485ன்னும் விழும். வீட்டுல சமையல் தராசு இருந்தா ஒரு மாசம் போட்டுப் பாருங்க. ஒரு கவர்ல குறைஞ்சா கைதவறல், எல்லா கவரும் ஒரே அளவுக்குக் குறைஞ்சா அது வழக்கம்.

மாசாமாசம் கட்டறோம், ஆனாலும் பழைய பாக்கின்னு ஒண்ணு இருந்துட்டே இருக்கே, ஏன் தீர மாட்டேங்குது?

நீங்க ரவுண்டா கட்டறீங்க, அதான். பில்லு 6180 வந்தா ஆறாயிரத்தைக் குடுத்துட்டு "மிச்சத்தை அடுத்த மாசம் சேர்த்துக்கோங்க அண்ணாச்சி"ன்னு வந்துடறோம். 180 ஒரு பெரிய காசா? பன்னெண்டு மாசத்துல அது 2160. எந்த மாசமும் ஒழுங்கா கட்டாத வீடுன்னு உங்களைச் சொல்ல முடியாது, ஆனா வருஷக் கடைசியில ரெண்டாயிரத்துச் சொச்சம் கடன் நிக்குது.

இந்தப் பாக்கியில காசை விடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. நோட்டு தீர்ந்து புது நோட்டு போடறப்ப முதல் வரியில "ப.பா. 2160"ன்னு எழுதுவாங்க, பழைய நோட்டு எடைக்குப் போயிடும். அதுக்கப்புறம் அந்த 2160ல எவ்வளவு நிஜமா வாங்கினது, எவ்வளவு ரெண்டு தடவை ஏறினது, எவ்வளவு வேற வீட்டு முட்டைன்னு எந்த மகராசனாலயும் கண்டுபிடிக்க முடியாது. தப்பெல்லாம் போய்ப் படுத்துக்கற இடம் பழைய பாக்கிதான்.

அண்ணாச்சி ஏன் அதைக் கேட்டு வாங்கறதில்லன்னு யோசிச்சிருக்கீங்களா? மாமா ஒரு தடவை சொன்னாரு, "கொஞ்சம் பாக்கி இருக்கற வீடு எங்கயும் போகாதுடா, துடைச்சு வச்ச மாதிரி கட்டறவன்தான் எப்ப வேணா அடுத்த கடைக்குப் போவான்." ரெண்டாயிரம் ரூபா பாக்கிங்கறது அவருக்கு வர வேண்டிய கடன் மட்டும் இல்ல, உங்க வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல கட்டின கயிறு. ஆனா அது பத்தாயிரம் பன்னெண்டாயிரம்னு போச்சுன்னா கயிறு அறுந்துடும், அந்த வீட்டுக்காரங்க கடை வழியா நடக்கறதையே நிறுத்திடுவாங்க, சுத்திப் போவாங்க. அதனால கடைக்காரரும் ஒரு அளவுல வச்சுக்கத்தான் பார்ப்பாரு.

தீர்க்கணும்னா இந்த மாசத்துப் பில்லையும் பழசையும் ஒரே கூட்டுல போட விடாதீங்க. பழைய பாக்கிக்குன்னு தனிப் பக்கம் ஒதுக்கச் சொல்லி, மாசம் 300, 400ன்னு அதுல தனியா வரவு வைங்க, தேதியோட கையெழுத்து வாங்கிக்கோங்க. 2160ன்னா மாசம் 400 போட்டு ஆறாவது மாசம் 160ல முடிஞ்சுடும். இந்த மாசத்துப் பில்லைச் சில்லறை உட்பட முழுசா கட்டணும், அந்த 180ஐயும் சேர்த்து. ஜீபேயில கட்டினீங்கன்னா இது சுலபம், 6180ன்னு அப்படியே அடிச்சு விடலாம், ரவுண்டா குடுக்கணும்கற பழக்கமே கையில நோட்டா எண்ணிக் குடுத்ததுல வந்ததுதான்.

கணக்கு வச்சுக்கிட்டே வேற கடையில வாங்கினா கோவிச்சுக்குவாங்களா?

வாயில சொல்ல மாட்டாங்க. சூப்பர் மார்க்கெட் பையோட நீங்க கடை முன்னாடி போனா, "என்னக்கா, ஷாப்பிங்கா?"ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அதுவே போதும். பாதிப் பேரு அந்தப் பையை மாத்தி மஞ்சப்பைக்குள்ள வச்சு எடுத்துட்டு வருவாங்க, எங்க சித்தியே அப்படித்தான். இந்தக் கூச்சத்துக்கும் ஒரு விலை இருக்கு, தள்ளுபடி எங்கயோ போட்டிருப்பான், தெரிஞ்சும் போக மாட்டோம். ஐட்டம் இல்லன்னாலும் "அது இல்லக்கா, இதுவும் நல்லாத்தான் இருக்கும்"னு வேற கம்பெனி சாமானைக் குடுத்துடுவாங்க, கடன்ல வாங்கறப்ப வேண்டாம்னு சொல்ல நாக்கு எழறதில்ல.

ரேஷன் கடையில பருப்பு குடுக்கறாங்களே, அதை வாங்கினா செலவு குறையுமில்ல?

நல்லாவே குறையும். துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. ஆனா மாசக் கணக்கு வீட்டுல என்ன நடக்குதுன்னா, ரேஷன்ல சரக்கு வந்துருக்குன்னு தெரியற அன்னைக்குக் கையில நூறு ரூபா இருக்காது, இல்ல போய் வரிசையில நிக்க ஆள் இருக்காது, மாசக் கடைசியில சரக்கு தீர்ந்துடுச்சுன்னு சொல்லிடுவாங்க. அண்ணாச்சி கடையில அதே பருப்பு காசே இல்லாம கிடைக்குது, 168 ரூபான்னு நோட்டுல ஏறுது. கையில ரொக்கம் இல்லாததுனால முப்பது ரூபா பருப்பை விட்டுட்டு நூத்தி அறுபத்தெட்டுக்கு வாங்கறோம். சீப்பான இடம் எல்லாமே ரொக்கம் கேட்கற இடமா இருக்கறதுதான் இதுல கொடுமை. ரேஷனுக்குன்னு மாசம் 150 ரூபாயைத் தனி டப்பாவுல போட்டு வைங்க, அதுல கை வைக்காதீங்க.

அப்ப அண்ணாச்சி நம்மகிட்ட கொள்ளை அடிக்கிறாருன்னு சொல்றீங்களா?

இல்லவே இல்ல. அவரு பக்கத்துக் கணக்கைப் பாருங்க. மாமா கடையில ஏறக்குறைய நாப்பது வீட்டுக்கு நோட்டு. ஒரு வீட்டுக்கு சராசரி நாலாயிரம் வெளிய நின்னாலே 1,60,000 ரூபா. அந்தக் காசு அவரு பெட்டியில இருந்து வர்றதில்ல. கீழமாசி வீதியில மொத்தக் கடையில ரொக்கம் குடுத்து எடுத்தா ஒரு விலை, ஒரு வாரம் தவணை சொன்னா மூட்டைக்குக் கொஞ்சம் கூட. ரொக்கம் இல்லாதப்ப தண்டல் வாங்குவாரு, பத்தாயிரம்னு பேரு, கையில குடுக்கறது ஒம்பதாயிரமோ எட்டாயிரத்து ஐநூறோ, தினம் நூறு ரூபா வீதம் நூறு நாள் கட்டணும். நம்மகிட்ட கிலோவுக்கு பத்து ரூபா கூட வாங்கறது அங்க போய்ச் சேருது. இதுல வருஷத்துக்கு ரெண்டு வீடு வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு சொல்லாமப் போயிடும், அவங்க வச்சுட்டுப் போன பாக்கியும் மிச்ச முப்பத்தெட்டு வீட்டுப் பருப்பு விலையிலதான் வரணும். ஒழுங்கா கட்டறவங்க ஓடிப்போனவங்களுக்கும் சேர்த்துக் கட்டறாங்க.

ஓடிப்போனவங்க மேல கேஸ் போட முடியாதா, நோட்டு இருக்கே?

போடலாம், சரக்கு குடுத்த நாள்ல இருந்து மூணு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா மூவாயிரம் நாலாயிரத்துக்கு யாரு வக்கீல் வைப்பா. நிஜத்துல நடக்கறது புது வீட்டு அட்ரஸை யாருகிட்டயாவது விசாரிச்சு ஞாயித்துக்கிழமை காலையில போய் வாசல்ல நிக்கறதுதான்.

ரொக்கத்துக்கு மாறலாம்னு பார்த்தா முடியவே மாட்டேங்குது, எப்படி மாறினீங்க?

மாற முடியாததுக்குக் காரணம் உங்க ஊதாரித்தனம் இல்ல. மாறற மாசம் மட்டும் ரெண்டு மாசத்துக் காசு வேணும். அஞ்சாந்தேதி பழைய பில்லு 6000 கட்டணும், அன்னையில இருந்தே புது மாசத்துக்கு ரொக்கமும் வேணும், ஆக பன்னெண்டாயிரம். மாசச் சம்பளத்துல அது எங்க இருக்கு?

நான் பாதி பாதியா மாறினேன். முதல் மாசம் பருப்பு வகையை மட்டும் ரொக்கத்துக்கு எடுத்தேன், சுமாரா 1200 ரூபா கூடுதலா தேவைப்பட்டுச்சு. அடுத்த மாசம் நோட்டுப் பில்லு அந்த அளவுக்குக் குறைஞ்சு வரும், அந்த மிச்சம் அந்த மாசப் பருப்புக்கு ஆச்சு. அப்புறம் கையில கொஞ்சம் சேர்ந்ததும் அரிசி எண்ணெய், அதுக்கப்புறம் வத்தல் மல்லி புளி. சில்லறைச் சரக்கு மாறினதுமே லாபத்துல முக்கால்வாசி வந்துடும், பாக்கெட்டு சாமானை நோட்டுலயே விட்டாலும் பெருசா போகாது, ஏன்னா அட்டை விலைக்கு மேல அவரு போட முடியாது. தீபாவளி போனஸ் வர்ற வீடுன்னா ஒரே மூச்சுல மாறிடலாம்.

எங்க அக்கா வேற வழியில பண்ணா. மகளிர் குழுவுல ரெண்டு வட்டிக்கு 6000 எடுத்து கணக்கை முடிச்சுட்டா, மாசம் ஆயிரம் அசல். வட்டி முதல் மாசம் 120, அப்புறம் 100, 80ன்னு குறைஞ்சு ஆறு மாசத்துல மொத்தம் 420. அவ வீட்டுலயும் மாசம் முன்னூறு மிச்சமாச்சு, ஆறு மாசத்துக்கு 1800. கடன் வாங்கிக் கடனை அடைக்கறதான்னு மாமியார் பேசினாங்களாம், கணக்கைக் காட்டினதும் அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவங்களும் போயிருக்காங்க. ஆனா அந்த ஆயிரத்தை மாசாமாசம் கட்ட வழி இருந்தாத்தான் இது ஆகும், அது இல்லாம நோட்டும் ஓடி குழுவும் ஓடுச்சுன்னா ரெண்டு பக்கமும் இடி.

அண்ணாச்சிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தயங்க வேண்டாம். பாக்கியை முழுசா தீர்த்துட்டு, நோட்டுல "பாக்கி இல்லை"ன்னு தேதி போட்டு கையெழுத்து வாங்கிட்டு, "இனிமே கையில இருக்கறப்ப ரொக்கமா வாங்கிக்கறேன் அண்ணாச்சி"ன்னு சொன்னா போதும். சில பேரு அப்பவே "ரொக்கம்னா கிலோவுக்கு அஞ்சு ரூபா குறைச்சுப் போடறேன்"னு சொல்வாங்க, அப்படிச் சொன்னா அங்கயே வாங்குங்க, எதுக்கு ரெண்டு தெரு நடக்கணும்.

அப்ப யாருமே மாசக் கணக்கு வச்சுக்கக்கூடாதா?

அப்படி இல்ல. வாரக்கூலிக்குப் போற வீடு, மழைக்காலத்துல வேலை இல்லாத வீடு, இவங்களுக்கு அந்த நோட்டுதான் அடுப்பை எரிய வைக்குது. ஏழரை வட்டின்னு நான் சொன்ன கணக்கு அவங்ககிட்டப் போய்ச் சொல்றதுக்கு இல்ல, வேற யாரு அவங்களுக்கு ஆதார் கேட்காம, கையெழுத்து கேட்காம அரிசி குடுப்பா? கொரோனா ஊரடங்கு சமயத்துல எங்க தெருவுல அடுப்பு எரிஞ்ச பாதி வீடு பற்று நோட்டாலதான் எரிஞ்சுது, எப்ப தருவீங்கன்னுகூட மாமா கேட்கல.

மாசச் சம்பளம் ஒழுங்கா வர்ற வீடுதான் யோசிக்கணும், ஏன்னா அவங்களுக்குக் கடன் தேவையில்ல, பழக்கம்தான் ஓடுது. நான் இப்ப சில்லறைச் சரக்கெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை ரொக்கத்துல எடுத்துடறேன். பால், முட்டை, தயிர், அவசரத்துக்கு ஒரு தேங்காய், இதை மட்டும் பழைய அண்ணாச்சி கடையில சின்னதா நோட்டுல எழுதறேன், மாசம் எழுநூறு எண்ணூறு வரும், பைசா பாக்கி இல்லாம முடிச்சுடுவேன். என் பக்கத்துக்கு மேல அவரு வெறும் பேரு போடாம வீட்டு நம்பரும் சேர்த்து எழுதியிருக்காரு, கேட்டு எழுத வச்சது நான்தான்.